தம்பி வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான், வேறு ஒன்றும் சொல்லவில்லை

புதுவண்ணை அக்கா
எல்லோருக்கும் வணக்கம். தம்பி வெளிநாடு போய் நாலு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் இந்தப் போட்டோ மட்டும் வந்தது. "என்னடா இது?" என்று கேட்டேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் போட்டால் எடுக்கவில்லை. முழுக்க இங்கிலீஷ். எம்ப்ளாய்மென்ட், டெர்மினேட், ரெண்டு மாத நோட்டீஸ் என்று மட்டும் புரிகிறது. வேலை போய்விட்டதா, வீட்டை விட்டு அனுப்புகிறார்களா? அம்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெரிந்தவர்கள் அர்த்தம் சொல்லுங்கள், நான் கடைக்குக் கிளம்புவதற்குள் அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்.

ஷார்ஜா ரிட்டர்ன்
பயப்படாதம்மா. நான் 2009-இல் போனபோது ஒப்பந்தமே கிடையாது. ஒரு அறையில் எட்டுப் பேர், ஷிப்ட் முறையில் கட்டில். நான் எழுந்தால்தான் கேரளாக்காரர் படுப்பார். முதல் மூன்று மாதம் குபூஸும் தயிரும்தான். ஒருநாள் ராத்திரி ஒரே நேரத்தில் எல்லோரையும் காலி பண்ணச் சொன்னார்கள், பெட்டியோடு பள்ளிவாசல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் தம்பிக்குத் தாளாவது இருக்கிறது. துபாய் என்றால் எஜாரி என்கிற அரசாங்க வாடகைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்.

ராயபுரம் பத்திரம்
இருபத்தாறு வருடமாக வாடகைப் பத்திரம் எழுதுகிறேன், பார்த்தவுடனே சொல்கிறேன். இது முத்திரைத்தாளில் இல்லை, சாட்சி கையெழுத்தும் இல்லை. செல்லாது. பதினொரு மாதத்துக்கு மேல் போட்டிருந்தால் பதிவு வேறு செய்திருக்க வேண்டும். தம்பியைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். காலி பண்ணுவதாக இருந்தால் கடைசி ரெண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

பெரம்பூர் லோகோ
அக்கா, முதலில் அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். இப்போதே. தாளுக்குக் கீழே அவனுடைய வேலை அட்டை பாதி தெரிகிறது, பெயரையும் எண்ணையும் படிக்க முடிகிறது. வெட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். போனில் இருக்கிற மார்க்கரால் கிறுக்கினால் போதாது, வெளிச்சத்தை ஏற்றினால் எழுத்து தெரிந்துவிடும்.

அப்புறம், இது துபாய் இல்லை. அட்டையும், அங்கே நாங்கள் வெள்ளி என்று சொல்கிற டாலர் கணக்கும் சிங்கப்பூர் என்று சொல்கின்றன. நான் ஜுராங்கில் எட்டு வருடம் இருந்தேன், கம்பெனி ஆட்களுக்கு வீடு பார்த்து ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலையில் பாதி. வக்கீல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு கேள்விக்குப் பதில் வேண்டும். அவன் என்ன கேட்பதற்காக இதை அனுப்பினான்? கையெழுத்துப் போட்டாகிவிட்டதா, போடப் போகிறானா? மொத்தம் எத்தனை பக்கம்? வீடு முழுவதுமா, ஒரு அறையா? இது தெரியாமல் யார் அர்த்தம் சொன்னாலும் அது ஊகம்தான்.

புதுவண்ணை அக்கா
எடுத்துவிட்டேன் அண்ணா, வெட்டிப் போட்டிருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீடு என்று முன்பு சொன்னான். கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போயிருப்பான், நாலு மாதமாக இருக்கிறானே. எதற்கு அனுப்பினான் என்று தெரிந்தால் நான் ஏன் இங்கே கேட்கப் போகிறேன்? "டெர்மினேட்" என்றால் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ
சரி, தாளில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். அவனுக்கு என்ன நடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இது அவனுக்கு வந்த நோட்டீஸ் இல்லை அக்கா. அங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிற வழக்கமான ஷரத்து. டிப்ளமேடிக் கிளாஸ் என்பார்கள். குடியிருப்பவருக்குச் சாதகமானது. வேலை போய்விட்டாலோ கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, அதற்கான காகிதத்தைக் காட்டி, ரெண்டு மாத நோட்டீஸ் கொடுத்து, தவணை முடியும் முன்பே வெளியேறலாம்.

ஆனால் இந்தத் தாளில் "பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு" என்று இருக்கிறது. மொத்தத் தவணை எத்தனை மாதம் என்பது இந்தப் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்திலோ கடைசியில் இருக்கும் அட்டவணையிலோ இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் பன்னிரண்டு மாதம் இருந்து, ரெண்டு மாத நோட்டீஸும் சேர்த்து, பதினாலாவது மாத முடிவில் வெளியே வரலாம். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் பன்னிரண்டு மாதம் முடியும்போது ஒப்பந்தமே முடிந்துவிடும், இந்த ஷரத்து வெறும் அலங்காரம். ஒரே வரிதான், முதல் பக்கத்தைப் பொறுத்து உதவும் அல்லது உதவாது. எப்படி இருந்தாலும் நாலாவது மாதத்தில் அவனுக்கு இது பயன்படாது.

பத்திரக்காரர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. முத்திரை வேண்டும் என்றது சரி, ஆனால் அங்கே தாளில் முத்திரை இருக்காது. வரித்துறைக்கு ஆன்லைனில் கட்டினால் தனிச் சான்றிதழ் வரும். நாலு வருடம் வரையான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம், வழக்கமாகக் கட்டுவது குடியிருப்பவர். கட்டவில்லை என்றால் அந்தக் காகிதத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. சாட்சி, பதினொரு மாதம் எல்லாம் நம் ஊர்க் கணக்கு.

அட்வான்ஸில் கழிக்கும் யோசனையை மட்டும் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். டெபாசிட்டை வாடகைக்கு ஈடுகட்டக் கூடாது என்றே அங்கே எழுதியிருப்பார்கள். வாடகையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியது அவன் என்று ஆகிவிடும்.

காசிமேடு கரையோரம்
அட்வான்ஸ் என்றதும் வயிறு எரிகிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ வந்ததிலிருந்து வாடகையைக் கேட்க முடியவில்லை. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவிட்டுக் காலி பண்ணும்போது பெயின்டிங் என்று ஒரு மாதத்தைப் பிடிக்கிறார்கள். கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். சிங்கப்பூரே தேவலை.

ராயபுரம் பத்திரம்
2017-இல் போட்ட வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. நீங்கள்தான் கேட்பதில்லை.

மணலி பஸ் பிடிப்பவன்
அதே பிரிவு "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்றுதானே சார் ஆரம்பிக்கிறது? நீங்களே பாதி வரியைத்தான் சொல்கிறீர்கள்.

காசிமேடு கரையோரம்
எழுதிக் கொடுக்கிற பத்திரத்தில் பத்து மாதம் என்று டைப் அடிப்பதே இவர்தான்.

ஷார்ஜா ரிட்டர்ன்
தமிழ் ஆட்களைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு ஒரு கும்பகோணத்துக்காரர்...

பெரம்பூர் லோகோ
அக்கா, வெட்டின போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே ரெண்டு வரி இருக்கிறது, அதன் மேல் அவன் கட்டைவிரல். "ரிப்பேர்", "200 வெள்ளி" என்பது மட்டும் தெரிகிறது. நாம் எல்லோரும் மேலே இருப்பதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். அவன் விரல் வைத்த இடம் கீழே. நேற்று நீங்கள் பார்த்தபோது அங்கே மணி ஒன்றரை, தூங்கியிருப்பான். இப்போது மதியம் ஆகப் போகிறது, சாப்பாட்டு நேரத்தில் போடுங்கள். "வேலை போச்சா?" என்று ஆரம்பிக்காதீர்கள், "எந்த வரியைக் கேட்கிறாய்?" என்று கேளுங்கள்.

புதுவண்ணை அக்கா
அண்ணா, பேசிவிட்டான்! வேலை எல்லாம் நன்றாக இருக்கிறது. போனில் சார்ஜ் இல்லையாம், அடிக்கவேண்டும் போல இருந்தது. ஏசி கெட்டுப்போய் ஆள் வைத்துச் சரி பண்ணியிருக்கிறான், 480 வெள்ளி. ஓனர் "ஒப்பந்தத்தைப் படி" என்று ஒரு வரி போட்டாராம். 480 அவனே கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி. அந்த வரியைத் திரும்ப எடுத்து அனுப்பியிருக்கிறான், போட்டிருக்கிறேன். அம்மா இப்போதுதான் காபி குடித்தார்கள்.

ராயபுரம் பத்திரம்
200 என்று இருக்கிறதல்லவா? 200 அவன், 280 ஓனர். முடிந்தது.

பெரம்பூர் லோகோ
அவ்வளவு சீக்கிரம் முடியாது அண்ணா. கூட்டல் கழித்தல் சரி. சிறு பழுதுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் முதல் 200 வெள்ளி குடியிருப்பவர், அதற்கு மேல் ஓனர். ஆனால் வரி அங்கே நிற்கவில்லை. "ஓனரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்று" என்று தொடர்கிறது. கேட்காமல் ஆள் வைத்திருந்தால் 280-ஐ மறுக்க ஓனருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

இன்னொன்று, ஏசிக்கென்று தனி ஷரத்து வேறு பக்கத்தில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடியிருப்பவர் செலவில் சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்பார்கள். கவனக்குறைவால் கெட்டது என்றால் முழுச் செலவும் குடியிருப்பவர் தலையில். நாலு மாதத்தில் ஒரு சர்வீஸாவது நடந்திருக்க வேண்டும். நடந்ததா என்று கேளுங்கள்.

புதுவண்ணை அக்கா
கேட்டேன். சர்வீஸ் பண்ணவில்லையாம். "மூன்று பேரில் யார் கூப்பிடுவது என்று விட்டுவிட்டோம்" என்கிறான். ஓனரிடமும் ரிப்பேர் முடிந்த பிறகுதான் பில்லை அனுப்பியிருக்கிறான்.

பெரம்பூர் லோகோ
அப்படியென்றால் நூறு சதவீதம் அவன் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எது கெட்டது என்பதைப் பொறுத்து இன்னும் வழி இருக்கிறது. தூசி அடைத்துத் தண்ணீர் ஒழுகினால் சர்வீஸ் செய்யாததால் என்று ஓனர் சொல்லுவார், அதை மறுப்பது கஷ்டம். கம்ப்ரஸரோ எலக்ட்ரிக் போர்டோ போயிருந்தால், அதிலும் ஏசி பழையது என்றால், தேய்மானம் என்று வாதாடலாம். பில்லில் வெறும் "ரிப்பேர்" என்று இருந்தால் ஒன்றும் தெரியாது. சரி பண்ணின ஆளிடம் எந்தப் பாகம், என்ன காரணம் என்று பில்லிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். கழற்றின பாகத்தை எறிந்திருக்காவிட்டால் போட்டோ எடுத்து வைக்கட்டும்.

பிறகு ஓனருக்கு மரியாதையாக ஒரு மெசேஜ்: இந்தத் தேதியில் கெட்டது, இந்தப் பாகம், இவ்வளவு செலவு, 200 நாங்கள் ஏற்கிறோம், மீதியைப் பற்றி உங்கள் பதில் வேண்டும். போனில் பேசினாலும் பேசியதை எழுத்தில் அனுப்பி வைக்கட்டும். வாடகையில் 280-ஐக் கழித்து அனுப்பவே கூடாது. ஓனர் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் டெபாசிட்டில் பிடித்தால், அங்கே சிறு வழக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. ரெண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தத் தகராறை 20,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் வைக்க முடியாது. ஆனால் அங்கே முதலில் கேட்கப்போவது முழு ஒப்பந்தமும் முத்திரைச் சான்றிதழும்தான்.

மணலி பஸ் பிடிப்பவன்
280 வெள்ளிக்கு அங்கே வரைக்கும் போவதா? ஓனரோடு ஒரு வருடம் ஓட்ட வேண்டாமா? நான் என்றால் பாதிப் பாதி என்று முடித்துவிடுவேன்.

ஷார்ஜா ரிட்டர்ன்
எங்களுக்கு ஏசியே கிடையாது.

பெரம்பூர் லோகோ
பாதிப் பாதி என்று பேசுவதும் தப்பில்லை, அவன் சர்வீஸ் பண்ணாததை வைத்துப் பார்த்தால். அது மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அக்கா, முதல் பக்கத்தையும் சேர்த்து முழு ஒப்பந்தத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், இங்கே இல்லை, உங்களுக்கு. தவணை ஒரு வருடமா ரெண்டு வருடமா என்பது இன்னும் தெரியவில்லை.

புதுவண்ணை அக்கா
கேட்டேன் அண்ணா. இந்த ஒரு பக்கம்தான் அவன் போனில் இருக்கிறதாம். மீதி, ரூம்மேட் ஈமெயிலில் ஏஜென்ட் அனுப்பியதாம், அந்தப் பையன் நைட் ஷிப்டாம். ராத்திரி வாங்கி அனுப்புகிறேன் என்றிருக்கிறான். போட்டோவோடு ஒரு வரி எழுதி அனுப்புடா என்று சொல்லிவிட்டேன்.