காலை 7.30க்கு 1500 மீட்டர் ஓட்டம், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரணும்: பிள்ளைக்கு என்ன சாப்பாடு?

ஏற்காடு அம்மா: மகளுக்கு 13 வயது, எடை 36 கிலோ. சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலை 7.30க்கு ஓட்டம். விடியற்காலை 5 மணிக்கே மலையிலிருந்து கிளம்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அவளுக்குக் குமட்டும். சாப்பிடாமல் போனால் தலை சுற்றுகிறது என்கிறாள். முந்தின ராத்திரி என்ன தரலாம், காலையில் என்ன தரலாம்?

ஓமலூர்க்காரன்: ராத்திரி பரோட்டா, சிக்கன் நல்லா கட்டச் சொல்லுங்க அக்கா, தெம்பு வேணும்ல. காலையில வெறும் குளுக்கோஸ் போதும்.

டிராக் அண்ணன்: ராத்திரி நல்லா சாப்பிடணும்னு தம்பி சொல்றது சரி, ஆனால் பரோட்டா வேண்டாம். எண்ணெய் அதிகமானால் வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும், காலையிலும் கனமாகவே இருக்கும். ராத்திரி 7.30க்குள் சோறு, ரசம், உருளைக்கிழங்கு, ஒரு முட்டை கொடுங்கள். கீரையும் சுண்டலும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். நார்ச்சத்து ஓடும்போது வயிற்றைக் கலக்கும். ஓட்டத்துக்கான சர்க்கரை முக்கால்வாசி இந்தச் சாப்பாட்டிலிருந்தும் அதற்கு முந்தின வேளைகளிலிருந்தும் தசையில் சேர்ந்து நிற்கும். தூங்கும்போது குறைவது ஈரலில் இருப்பதுதான். தலைசுற்றலுக்கு அதுவும் ஒரு காரணம், காலைச் சாப்பாடு அதை ஈடுகட்டத்தான்.

குமட்டல் இருப்பதால் இரண்டாகப் பிரியுங்கள். 4.30க்கு ஒரு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு, அரை டம்ளர் தண்ணீர். வெறும் வயிறாக வளைவு இறங்கினாலும் குமட்டும். கீழே வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, 6.15 வாக்கில் ஒரு வாழைப்பழம். சாம்பார், தேங்காய்ச் சட்னி இரண்டும் வேண்டாம்.

ஓமலூர்க்காரன்: அப்போ குளுக்கோஸ் தப்பா அண்ணே?

டிராக் அண்ணன்: தப்பில்லை. ஆனால் ஐந்தாறு நிமிஷ ஓட்டத்துக்கு அது புதிதாக எதையும் தராது. ஓட்டத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் ஒரு டம்ளர் நிறையக் குடித்தால் சில பிள்ளைகளுக்குச் சர்க்கரை ஏறி உடனே இறங்கி, கிறுகிறுக்கும்.

அஸ்தம்பட்டி அப்பா: என் பையன் 9 மணிக்குக் கபடி ஆடுறான், எடையும் கூடுது. இட்லியைக் குறைக்கவா?

டிராக் அண்ணன்: அது வேறு கேள்வி சார், தனியாகக் கேளுங்கள். போட்டி அன்றைக்கு மட்டும் குறைக்காதீர்கள்.

ஏற்காடு அம்மா: பால்? தினமும் குடிப்பாள்.

டிராக் அண்ணன்: தினமும் ஒத்துக்கொள்கிறது என்றால் 4.30க்கு அரை டம்ளர் தரலாம். நான் தவிர்ப்பேன், வளைவில் வந்துவிடும்.

ஓமலூர்க்காரன்: எங்க வீட்டுப் பொண்ணு பால் குடிச்சிட்டுத்தான் ஓடுவா, ஒண்ணும் ஆனதில்லை.

டிராக் அண்ணன்: ஓமலூர் சமவெளி தம்பி. அக்கா, வரும் ஞாயிறு இதே நேரத்தில் எழுப்பி, இதே சாப்பாட்டைக் கொடுத்து, வண்டியில் இறக்கி ஓட வைத்துப் பாருங்கள். புளித்த ஏப்பமோ விலாப் பிடிப்போ வந்தால் இட்லியைப் பாதியாக்குங்கள். கொட்டாவியும் கால் தளர்வும் வந்தால் ராத்திரிச் சோற்றை ஒரு கரண்டி கூட்டுங்கள். நன்றாகச் சாப்பிட்ட நாளிலும் தலை சுற்றினால் டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள், இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம்.

ஏற்காடு அம்மா: சரிங்க, ஞாயிறு பார்த்துட்டுச் சொல்றேன். பாலுக்கு அவ அடம் பிடிப்பா.