புதுப்பிப்பு: வாடகை வீட்டுச் சமையல், துப்புரவு முறை

“கிளிநொச்சியில நாலு பேர் ஒரு வாடகை வீட்டில. ஒருவருக்கு இரவு டியூட்டி. வேலையை எப்படிச் சமமாப் பிரிச்சு மெசேஜ் போடுறது?”

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நாளை எண்ணாமல் நிமிடத்தை எண்ணச் சொன்ன அக்காவின்ர வழிதான் சரிவந்தது.

அனுப்பின மெசேஜ் இது: “கிழமைக்கு 5 இரவுச் சமையல், தலா 90 நிமிடம். பாத்திரம் 5 தரம், தலா 30. மலசலகூடம் 60, முற்றமும் குசினியும் 60. மொத்தம் 720, ஆளுக்கு 180. இரண்டு பேர் இரண்டிரண்டு நாள் சமையல். மூன்றாமவர் ஒரு நாள் சமையல், மூன்று நாள் பாத்திரம். இரவு டியூட்டிக்காரர் மலசலகூடம், முற்றம், குசினி, மிச்ச இரண்டு நாள் பாத்திரம், காலமை வந்து. சமைக்கிற மூவரும் கிழமைக்குக் கிழமை மாறுவம்.”

“சமைச்சவர் கழுவக்கூடாது” எண்ட தம்பி சொன்னது பாதி சரி. பருப்புச் சட்டி விடியும்வரை காய்ஞ்சு அடிப்பிடிச்சுக் கிடந்தது. இப்ப சமைச்சவரே சட்டியில தண்ணி ஊத்தி ஊற வைக்கிறார்.

எதிர்பாராதது தேங்காய் துருவுறது. புட்டு நாளில 90 நிமிடம் காணாது. அதை எப்படிக் கணக்கில சேர்க்கிறது எண்டு இன்னும் முடிவாகேல்லை.

கேஸ் காசைப் பற்றி எழுதின அண்ணைக்கு: அது வேற கணக்கு, இதுக்குள்ள கலக்கேல்லை.