புதுப்பிப்பு: கொலுசு கடை போர்டின் வெள்ளை ஓரம்

"தம்பி, போர்டு போட்டோ அனுப்பியிருக்கேன். பின்னாடி இருக்கிற வானம், ஒயர் எல்லாம் எடுத்துட்டு எழுத்து மட்டும் குடுங்க. அரக்கு கலர் டப்பாவுல அடிக்கணும்."

செவ்வாய்பேட்டை கொலுசு கடை அண்ணாச்சி கேட்ட இந்த வேலை ஒருவழியாக முடிந்தது. பின்னணியை வெட்டி அனுப்பிய எழுத்தைச் சுற்றி வெள்ளை தெரிகிறதே, ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியதுதான் தப்பு என்றார் ஒருவர். பாதி சரி. அப்படி அனுப்பினால் PNG கோப்பு JPG ஆகிவிடும், வெட்டிய இடத்தில் ஒரே நிறப் பின்னணி வந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினேன், பின்னணி போனது. ஆனால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு அப்படியே நின்றது. வெள்ளைத் திரையில் தெரியாது. அரக்கு நிறத்தை அடியில் வைத்தால் பளிச்சென்று தெரிந்தது.

காரணத்தைச் சொன்னவர் பிளெக்ஸ் கடை அக்காதான். போட்டோ சாயங்காலம், லைட் எரியும்போது எடுத்தது. வெளிச்சம் வானத்தோடு கலந்துவிட்டதால் எழுத்து எங்கே முடிகிறது என்றே படத்தில் இல்லை.

மறுநாள் காலை லைட்டை அணைக்கச் சொல்லி, எதிர் மாடியிலிருந்து நேராக எடுத்தேன். பென் டூலால் விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே வெட்டினேன். 'ழ'வின் சுழிக்குள் மாட்டியிருந்த வானத்துண்டைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. டப்பா சுத்தமாக வந்துவிட்டது.



அப்புறம், அண்ணாச்சி இப்போது ஸ்டேட்டஸுக்கு லைட் எரிகிற மாதிரியே வேண்டும் என்கிறார். அந்த ஒளியை வெட்டி எடுப்பதா, புதிதாக வரைவதா என்று இன்னும் முடிவாகவில்லை.