புதுப்பிப்பு: மூடிய மில் கேட்டுக்கு வரும் ரிங் பிரேம் அண்ணன்

"அந்த ரிங் பிரேம் அண்ணன் இன்னும் ராத்திரியில் வருகிறாரா? பென்ஷன் என்ன ஆச்சு?"

வருகிறார், இப்போது கையில் பிஎஃப் பென்ஷன் கேட்டு விண்ணப்பிக்கும் 10டி படிவத்தோடு. முதலாளி கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்று பழைய சைசிங் மேஸ்திரி அடித்துச் சொன்னதால்தான் இத்தனை காலம் சும்மா இருந்தார். மில்லுக்குள் இருக்கும் பிள்ளையாருக்கு விளக்கேற்ற வந்த டைம் ஆபீஸ் அக்கா விவரத்தைச் சொன்னார்: மில் மூடிக்கிடந்தால் வங்கி மேலாளரோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இடலாம். முழுப் பென்ஷனுக்கு 58 வயதும் 10 வருட சர்வீஸும் வேண்டும். இரண்டும் அண்ணனுக்கு உண்டு.

சர்வீஸுக்கு ஆதாரம் பழைய சம்பளச் சீட்டுகள். என் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்தோம். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பிஎஃப் பிடித்தமும் கணக்கு எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. ஆதாரில் மட்டும் இனிஷியல் வேறு. அதற்குத் திருத்த மனு தனியாகப் போட்டிருக்கிறார், பதில் வரவில்லை.

கேன்டீன்காரர் மகன் குறுக்கே வந்து, "அப்போ எங்கப்பா சம்பள பாக்கி?" என்றான். அது பிஎஃப் ஆபீஸ் வேலையில்லை, தம்பி. மில் கலைப்பில் இருந்தால் லிக்விடேட்டரிடம் கேட்க வேண்டும். அக்கா விசாரிக்கிறார்.