நியமனக் கடிதம் உண்மையா என்று கம்பெனிக்கே எழுதிக் கேட்டோம்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

செம்பனைக் கிராணி (சுங்கை சிப்புட்)

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கச்சி டிப்ளோமா முடித்து எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பினாங்கில் உள்ள பெரிய எலக்ட்ரானிக் தொழிற்சாலையிலிருந்து என்று ஒரு நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. ஸ்டோர் கிளார்க் வேலை, மாதம் 3,200 வெள்ளி, தங்குமிடம் இலவசம். கம்பெனி லோகோ, பதிவு எண், நீல நிற சாப்பு, கையெழுத்து எல்லாம் இருந்தன. அவள் ஐசி நம்பர்கூடச் சரியாக இருந்தது. அம்மா உடனே சாமி படத்துக்கு முன்னால் ஒரு பிரின்ட் வைத்துவிட்டார்.

எனக்கு இடறியது இரண்டாம் பக்கம். ஃபொமேமா மருத்துவப் பரிசோதனைக்கும் சீருடைக்கும் சேர்த்து 380 வெள்ளி, திங்கட்கிழமை மதியத்துக்குள் கட்ட வேண்டும், வேலைக்குச் சேர்ந்ததும் திருப்பித் தரப்படும் என்று இருந்தது. நான் செம்பனை மில்லில் எடைமேடை பார்க்கிறவன். எங்கள் மில்லுக்கு வரும் வங்காளதேசத் தொழிலாளர்களை ஃபொமேமாவுக்கு அனுப்பும் பாரங்களை மாதா மாதம் பார்க்கிறேன். அது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான பரிசோதனை. சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளைக்கு அது எதற்கு?

தங்கச்சி கோபித்துக்கொண்டாள். "அண்ணே, உனக்கு எல்லாத்திலும் சந்தேகம்தான்." சரி, கம்பெனியையே கேட்டுவிடுவோம் என்றேன். அவள் உடனே வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதப் போனாள். நிறுத்தினேன். கடிதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம் என்று ஜிமெயிலில் `Show original` திறந்தோம். முகவரிகளை மாற்றிப் போடுகிறேன், ஆனால் அமைப்பு இதுதான்:

```
From: "HR Department" <hr@syarikat-careers.example>
Reply-To: recruit.hr.desk@mail.example
```

கம்பெனியின் இணையதளப் பெயரில் `careers` ஒட்டே இல்லை. அதோடு நாம் பதில் எழுதினால் அது போவது வேறொரு இலவசப் பெட்டிக்கு. ஆகவே புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதினோம். கம்பெனி இணையதளத்தை நாங்களே தேடித் திறந்து, அதில் இருந்த பொது முகவரிக்கு அனுப்பினோம். மலாய் மொழியில் எழுதியது, தமிழில் இப்படி வரும்:

"ஐயா / அம்மா, இணைப்பில் உள்ள நியமனக் கடிதம் உங்கள் நிறுவனத்தின் பெயரில் எனக்கு வந்துள்ளது. பதவி ஸ்டோர் கிளார்க், கடிதத்தின் தேதியும் குறிப்பு எண்ணும் கீழே உள்ளன. இதை உங்கள் மனிதவளப் பிரிவுதான் வெளியிட்டதா, கையெழுத்திட்டவர் உங்கள் ஊழியரா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். கடிதத்தில் 380 வெள்ளி கட்டச் சொல்லியுள்ளனர், நான் இன்னும் கட்டவில்லை. ஐசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தவிர மற்றதை மறைத்துள்ளேன்."

திங்கட்கிழமை மதியம் வரை பதில் இல்லை. அந்த "எச்ஆர்" வாட்ஸ்அப்பில் மூன்று முறை அழைத்து, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். தங்கச்சி அழுதாள். புதன்கிழமை காலை கம்பெனியிலிருந்து நாலே வரி பதில் வந்தது: இந்தக் கடிதம் எங்களுடையது அல்ல, கையெழுத்திட்டவர் முன்பு இங்கே வேலை செய்தவர், இப்போது இல்லை, பணம் கட்ட வேண்டாம், போலீசில் புகார் செய்யுங்கள்.

அந்த ஐந்து நாள்களுக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பாகான் சிராய் பையன்

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை அண்ணே. எஸ்எஸ்எம் தளத்தில் கம்பெனி பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். கம்பெனி இருந்தால் கடிதம் உண்மை, இல்லாவிட்டால் பொய். இரண்டு நிமிட வேலை.

செம்பனைக் கிராணி

அதையும் பார்த்தோம் தம்பி. எண் சரிதான், கம்பெனியும் உண்மையானதுதான். அந்தக் கம்பெனியின் பெயரைத்தானே திருடியிருக்கிறார்கள்!

ஈப்போ மனிதவளம்

பையன் சொன்னது பாதி சரி. எண் பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம், பொருந்தினால் ஒன்றும் நிரூபணமாகாது. என்னிடம் ஒரு தடவை வந்த கடிதத்தில் சென்டிரியான் பெர்ஹாட் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். எண்ணைப் பார்த்தால், 2019 முதல் வந்த 12 இலக்க எண்ணில், ஆண்டுக்கு அடுத்த இரண்டு இலக்கம் 03. அது தனிநபர் அல்லது பங்குதாரர் வணிகப் பதிவுக்கான எண். கம்பெனி என்றால் 01 வர வேண்டும். எங்கிருந்தோ ஒரு சின்னக் கடையின் எண்ணைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஆனால் இப்படிப் பிசகுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் அசல் எண்ணையே அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையில் இந்த மாதிரி மின்னஞ்சல்களைத் திறக்கிற இடத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கக் கதையையும் சொல்கிறேன். பதில் தாமதமாவது அலட்சியத்தால் மட்டும் அல்ல. போலிக் கடிதத்தை இணைத்து அனுப்பினால், அதற்குள் இருக்கும் சந்தேகமான இணைப்புக்காக எங்கள் சர்வரே அதைக் குப்பைப் பெட்டியில் தள்ளிவிடுகிறது. சில மின்னஞ்சல்களை நான் ஒரு வாரம் கழித்து அங்கே கண்டெடுத்திருக்கிறேன். அதனால் அனுப்பிய கையோடு கம்பெனியின் பொது எண்ணுக்கு ஒரு போன் போட்டு, "இந்தத் தலைப்பில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் போன் எண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள்.

அப்புறம், "என் வேலை உறுதியா? ப்ளீஸ் கன்ஃபர்ம்" என்று ஒற்றை வரியில் எழுதுகிறார்கள். யார், எந்தப் பதவி, எந்தக் கடிதம் என்று ஒன்றும் தெரியாது. கடிதத்தின் பாதியை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள், அந்தப் பாதியில் குறிப்பு எண் இருக்காது. தங்கச்சி எழுதியது மாதிரி எழுதினால் நான் கடித ஏட்டை ஒரு தடவை புரட்டினாலே போதும்.

ரவாங் அக்கா

எனக்கும் இதே பிரச்சினைதான். மூன்று மாத புரோபேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, கன்ஃபர்மேஷன் லெட்டர் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன். கம்பெனி வாயே திறக்கவில்லை. போலிக் கம்பெனியாக இருக்குமோ?

ஈப்போ மனிதவளம்

அக்கா, மாதா மாதம் சம்பளமும் இபிஎஃப் பணமும் ஒழுங்காக வருகிறது என்றால் கம்பெனி உண்மைதான், எச்ஆர்தான் தூங்குகிறார். இங்கே பேசுவது வேலைக்குச் சேருவதற்கு முன்னால் வருகிற கடிதத்தை.

தோட்டத்து மருமகள் (பகாவ்)

என் வீட்டுக்காரரின் அக்கா மகன் செய்ததைக் கேளுங்கள். கடிதத்தின் அடியில் இருந்த முகவரிக்கே எழுதி, "இது உண்மையா சார்?" என்று கேட்டான். பத்தே நிமிடத்தில், "ஆம், உண்மைதான், வாழ்த்துகள்" என்று பதில். இவ்வளவு சீக்கிரம் எந்த எச்ஆர் பதில் போட்டது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. திருடனைக் கேட்டால் திருடினேன் என்றா சொல்வான்? 450 வெள்ளி போச்சு. பணம் அனுப்பும்போது டுயிட்நவ் திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்ததாம். "கம்பெனி கணக்காளர் பெயராக இருக்கும்" என்று நினைத்துக்கொண்டானாம்.

பாகான் சிராய் பையன்

போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த அக்கவுண்ட் எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே அக்கா.

தோட்டத்து மருமகள் (பகாவ்)

பார்த்தோம், பணம் போன பிறகு. புகார் எதுவும் இல்லை என்றுதான் வந்தது. எங்கள் புகார்தான் முதல் புகாரோ என்னவோ.

லாரி மணி

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். எனக்கு நேர் எதிராக நடந்தது. கடிதம் ஜிமெயிலிலிருந்து வந்தது, லோகோவும் கொஞ்சம் மங்கல். செம்பனை மில்லில் லாரி வேலை. போலி என்று நினைத்து மில்லின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். "நாங்கள் இப்படி ஆள் எடுக்கவில்லை" என்று பதில். விட்டுவிட்டேன். பிறகு தெரிந்தது, ஆள் எடுத்தது மில்லுக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டர். கடிதம் உண்மை, வேலையும் உண்மை. என் கூட்டாளி இப்போது அங்கேதான் லாரி ஓட்டுகிறான்.

ஈப்போ மனிதவளம்

இது நடக்கும் அண்ணே. தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்குக் கான்ட்ராக்டரின் ஆள்கள் யார் என்று தெரியாது. மின்னஞ்சலில் "உங்கள் கான்ட்ராக்டர் யாராவது இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா" என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு பதில் வந்திருக்கும். ஒருவேளைதான். எங்கள் ஆபீசிலேயே அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் பணம் கேட்டார்களா?

லாரி மணி

ஒரு சென்கூடக் கேட்கவில்லை.

பாகான் சிராய் பையன்

இப்படிக் கேட்டு எழுதினால் நல்ல கம்பெனி கோபித்துக்கொண்டு வேலையையே கொடுக்காமல் போய்விடாதா?

ஈப்போ மனிதவளம்

நான் கோபித்துக்கொண்டதில்லை. என் மேலாளர் ஒருவர் முகம் சுளித்திருக்கிறார். மற்ற கம்பெனிகளுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது.

செம்பனைக் கிராணி

இன்னொன்று சேர்க்க வேண்டும். நேற்றுக் கோயிலில் பின்வீட்டுப் பையனைப் பார்த்தேன். அவனுக்கும் பினாங்கு வேலை கிடைத்துவிட்டது என்று போனில் கடிதத்தைக் காட்டினான். பதவி மட்டும் வேறு, மெஷின் ஆபரேட்டர். குறிப்பு எண் தங்கச்சியின் கடிதத்தில் இருந்த அதே எண், கடைசி இலக்கம் உட்பட. அவன் போன வியாழக்கிழமையே 380 வெள்ளி கட்டிவிட்டான்.

கோயில் வாசலிலேயே பண மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வைத்தேன். பணம் போய் நாள்கள் ஆகிவிட்டதா என்று அங்கே முதலில் கேட்டார்கள். பிறகு போலீஸ் நிலையத்துக்குப் போய் இரண்டு கடிதங்களையும் கம்பெனி எழுதிய பதிலையும் சேர்த்துக் கொடுத்துப் புகார் எழுதினோம். பேங்கிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த 380 வெள்ளி அவருடைய சம்பள முன்பணம்.