பாதியில் நின்ற வேலைக்கு இன்வாய்ஸ் எப்படிப் போடுவது?

வணக்கம். ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்கு 12 கட்டுரைகள் எழுத ஒப்புக்கொண்டேன். ஒன்று 1,500 சொல், 2,500 ரூபாய். முன்பணம் வாங்கவில்லை. ஒப்பந்தம் என்று தனியாக எதுவும் இல்லை; விலையும் எண்ணிக்கையும் மின்னஞ்சலில் இருக்கின்றன, "சரி, ஆரம்பிங்க" என்ற அவர்களின் பதிலும் இருக்கிறது.

ஐந்து கட்டுரைகள் கொடுத்துவிட்டேன். ஆறாவதில் 900 சொல் எழுதியிருந்தபோது, "ப்ராஜெக்டை நிறுத்திவிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி. பணம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் என் இரண்டு கட்டுரைகள் அவர்கள் தளத்தில் இப்போதும் இருக்கின்றன. அதுதான் மனதை அறுக்கிறது. அந்தப் பக்கங்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.

முடித்த ஐந்துக்கு 12,500, பாதிக் கட்டுரைக்குச் சொல் கணக்கில் 1,500, ஆக 14,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் தயாரித்திருக்கிறேன். பாதிக் கட்டுரையைத் தனி வரியாகக் காட்டினால், அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் இழுத்தடிப்பார்களா? எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்காததால் பதிப்புரிமை இன்னும் என்னிடம்தான் என்று நினைக்கிறேன். பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்று இன்வாய்ஸிலேயே எழுதலாமா, இல்லை முதலில் பணம் மட்டும் கேட்டுவிட்டு, 15 நாள் கழித்து அதைச் சொல்லலாமா?

இப்படி வசூலித்தவர்கள் நீங்கள் எழுதிய வாசகத்தைப் பகிர்ந்தால் பெரிய உதவி. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.