சிங்கப்பூர் ஐபிஏ கடிதத்தை வரி வரியாப் படிச்சுக் காட்டின அனுபவம் உண்டா?

செல்வி (மன்னார்குடி)

ஆன்லைன் சென்டர் வெச்சிருக்கேன். சிங்கப்பூர் போற பசங்க ஐபிஏ, அதான் வேலைக்கு முன் அனுமதி குடுக்கிற கடிதம், அதைப் பிரிண்ட் எடுக்க எங்ககிட்டதான் வருவாங்க. போன வாரம் ஒரு தம்பி அவங்க அப்பாவோட வந்தான். கட்டட வேலை, முதல் தடவை. ஏஜென்ட் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்திருந்தார்: பாஸ்போர்ட், விசா, டிக்கெட், ஸ்கில் டெஸ்ட் சர்டிபிகேட், போட்டோ. அப்பா அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு "விசா எங்கம்மா, விசா மட்டும் வரலையே"ன்னு அதையே கேட்டுக்கிட்டிருந்தார். இந்த ஐபிஏ கடிதமேதான் ஒரு தடவை உள்ளே நுழையறதுக்கான விசா, தனியா ஸ்டாம்ப் வராதுன்னு சொல்லிப் புரியவெச்சேன். பெர்மிட் கார்டு அங்க போய் மெடிக்கல் முடிஞ்சப்புறம்தான் வரும்னும் சொன்னேன்.

என்னை உறுத்துறது அது இல்ல. தமிழ்ப் பக்கத்தை எடுத்துப் படிச்சுக் காட்டினேன். ஏஜென்ட் சொன்ன சம்பளம் 900 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர். கடிதத்துலயும் நிலையான மாதச் சம்பளம் 900ன்னுதான் இருக்கு. ஆனா அதுக்கு மேல இருக்கிற வரிகள்ல அடிப்படைச் சம்பளம் 520, அலவன்ஸ் 380. அந்தத் தம்பி 520 மேல விரலை வெச்சுட்டு எடுக்கவே இல்ல. "அப்ப மீதி எப்பக்கா குடுப்பாங்க?"ன்னான். அப்பா உடனே, "அதெல்லாம் சேர்த்துதான்டா, பிரிண்டை வாங்கு"ன்னுட்டார். இன்னிக்கு ராத்திரி ஃபிளைட். இந்த மாதிரி பிரிச்சுப் போட்டதை யாராவது அங்க போய் அனுபவிச்சிருக்கீங்களா?

கவிராஜ்

கைக்கு வர்றது 900தானே, இதுல என்னக்கா குழப்பம்? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒவ்வொரு மாசமும் 900 வந்துச்சு. பேசிக்கை எப்படிப் பிரிச்சாலும் ஓவர்டைம் மொத்தச் சம்பளத்துக்குத்தான் போடுவாங்க. பயமுறுத்தி அனுப்பாதீங்க.

முத்தையா (துவாஸ்)

தம்பி கவிராஜ், முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு. நான் இங்க சூப்பர்வைசர், புதுசா வர்ற பசங்களோட சம்பளச் சீட்டைத் தினம் பாக்கறவன்.

ஓவர்டைம், அதான் ஓடி, அடிப்படைச் சம்பளத்துக்குத்தான். மாச பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரத்தால வகுத்தா ஒரு மணி நேரக் கூலி. அதுல ஒண்ணரை மடங்கு ஓடி. செல்வி சொன்ன பையனுக்கு 520ன்னா மணிக்கு 2.73 வெள்ளி, ஓடி 4.09. முழு 900மே பேசிக்கா இருந்திருந்தா ஓடி 7.08 வந்திருக்கும். எங்க சைட்ல மாசம் 60 மணி நேரம் ஓடி சாதாரணம் (சட்டப்படி 72 வரைக்கும்தான்). 60 மணிக்கு அவனுக்குக் கிடைக்கிறது சுமார் 245 வெள்ளி. 900 பேசிக் உள்ளவனுக்கு 425. ஒரே வேலை, ஒரே மண்வெட்டி, மாசம் 180 வெள்ளி வித்தியாசம். ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு வேலை வாங்கினாலும் கணக்கு பேசிக்லதான்.

இப்படிப் பிரிக்கிறது சட்டப்படி தப்பில்ல. அதனாலதான் ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். எங்க டார்ம்ல போன வருசம் வந்த ஒரு பையன் முதல் சம்பளச் சீட்டை என்கிட்ட நீட்டி, "அண்ணே, ஓடியில பாதியைத் தின்னுட்டாங்க"ன்னு அழுதான். யாரும் தின்னல. ஐபிஏல இருந்ததுதான் சீட்டுலயும் இருந்துச்சு. அந்த முகத்தை மறக்க முடியல.

செல்வி, இன்னொரு வரி இருக்கும், பாருங்க: மாதாந்திரப் பிடித்தம். தங்குமிடம், சாப்பாடுன்னு ஏதாவது தொகை போட்டிருந்தா அது 900லேர்ந்து கழியும்.

பத்மா

என் வீட்டுக்காரருக்கு பிடித்தம் பூஜ்யம்னுதான் ஐபிஏல இருந்துச்சு. அலவன்ஸ் 250. போய் இறங்கின ரெண்டாம் நாள் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்து வாங்கினாங்க. பத்துப் பேர் வரிசையில நின்னு போட்டாங்களாம். அடுத்த மாசத்துலேர்ந்து அலவன்ஸ் 100 ஆயிடுச்சு. கேட்டதுக்கு "நீதானே சம்மதிச்சே"ன்னு அந்தப் பேப்பரைக் காட்டியிருக்காங்க. அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நகல் தரல. ராத்திரி போன்ல பேசறப்ப மூச்சு மட்டும்தான் கேக்கும், பேச மாட்டார்.

ஜெகன் மலேசியா

என் மச்சானும் இப்பதான் கிளம்பறான். பாஸ்போர்ட்ல ஈசிஆர் இருக்கு. இமிக்ரேஷன்ல நிறுத்திட்டாங்கன்னா? செல்வி அக்கா, இ-மைகிரேட் கிளியரன்ஸ் உங்க சென்டர்ல போட்டுத் தருவீங்களா? அந்தத் தம்பிக்குப் போட்டீங்களா? லிஸ்ட்ல அது இல்லையே.

செல்வி (மன்னார்குடி)

ஜெகன், உங்க மச்சான் மலேசியாவா? அதுக்கு வேணும். ஈசிஆர் பாஸ்போர்ட்காரங்க கிளியரன்ஸ் வாங்க வேண்டிய 18 நாட்டுப் பட்டியல்ல மலேசியா இருக்கு, சிங்கப்பூர் இல்ல. அதனாலதான் தம்பியோட லிஸ்ட்ல வரல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மலேசியாவுக்கு ஏஜென்ட் பதிவு பண்ணின ஆளான்னு இ-மைகிரேட் தளத்துலயே பாத்துடுங்க.

பத்மா அக்கா, படிச்சுட்டு மனசு கேக்கல.

இளங்கோ, திருச்சி

என் கதை சின்னது. ஏர்போர்ட் கவுன்டர்ல "எஸ்ஜி அரைவல் கார்டு எங்க?"ன்னு கேட்டாங்க, என்கிட்ட இல்ல. பக்கத்துல நின்னவர் போன்லயே போட்டுக் குடுத்தார். அவ்வளவுதான்.

ஆனா இங்க ஒருத்தரும் இதைச் சொல்லல, அதான் எழுதறேன். சிங்கப்பூர் இறங்குற நாளோட சேர்த்து மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும். ஒரு வாரம் முன்னாடி போட்டா எடுக்காது. காசு கிடையாது, இலவசம். கூகுள்ல தேடினா முதல்ல வர்ற சில தளங்கள் நம்ம கார்டு நம்பரைக் கேட்டு டாலர்ல பணம் எடுக்கும், அது அரசாங்கத் தளமே இல்ல. முகவரி .gov.sgன்னு முடியணும், முடியலன்னா மூடிடுங்க. ஐபிஏல இருக்கிற பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல அப்பா பேரை சர்நேம்ல போட்டு, கம்பெனி அதை விட்டுட்டு விண்ணப்பிச்சு, கவுன்டர்ல நின்னு தவிக்கிறவங்க இருக்காங்க. ஐபிஏ காலாவதித் தேதியைப் பாருங்க, அதுக்குள்ள போய் இறங்கணும். பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது மிச்சம் இருக்கணும். ஸ்கில் டெஸ்ட் சர்டிபிகேட் அசல் கைப்பையில, லக்கேஜ்ல போடாதீங்க. ஐபிஏ தமிழ்ப் பக்கத்தை நாலு காப்பி எடுத்து ஒண்ணை வீட்ல வைங்க, போன்லயும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. டார்ம்ல பேப்பர் தொலையும், வீட்ல இருக்கிறது தொலையாது.

அப்புறம் கம்பெனி 5,000 வெள்ளி பாண்டு கட்டியிருக்கணும், நீங்க இறங்குறதுக்கு முன்னாடியே. அது இல்லன்னா உள்ள விட மாட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி "பாண்டு போட்டாச்சா?"ன்னு கம்பெனியைக் கேளுங்க.

கவிராஜ்

அந்த 5,000தான் பிரச்சனையே. ஓடிப்போனா நம்ம சம்பளத்துல பிடிப்பாங்க, எங்க ஏஜென்ட் தெளிவாச் சொன்னார். அதனாலதான் கம்பெனி மாறவே முடியாது. ரிலீஸ் பேப்பர் இல்லாம ஒருத்தரும் வேற கம்பெனி போக முடியாது, பெர்மிட் முடிஞ்சா ஊருக்குத்தான்.

முத்தையா (துவாஸ்)

பாண்டு கம்பெனிக்கும் மனிதவள அமைச்சுக்கும் நடுவுல உள்ள விஷயம். தொழிலாளிகிட்ட வாங்கக் கூடாது. ஆளுக்கு இவ்வளவுன்னு கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டற லெவியும் அப்படித்தான், உங்க சம்பளத்துல கைவைக்கக் கூடாது. அந்த ஏஜென்ட் சொன்னதை ஊர்ல இனிமே யாருக்கும் சொல்லாதீங்க தம்பி. அந்தப் பயத்துலதான் எவ்வளவோ பேர் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க.

கம்பெனி மாறுறது பத்தி நீங்க சொல்றது பாதிதான் உண்மை. நடுவுல மாறணும்னா முதலாளி சம்மதம் வேணும். ஆனா கட்டட வேலை பெர்மிட்ல காலாவதிக்கு 40 நாள்லேர்ந்து 21 நாள் வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கு, அந்த நாள்கள்ல புது முதலாளி விண்ணப்பிச்சா பழைய முதலாளி சம்மதம் தேவையில்ல. 21க்குக் கீழ போயிட்டா திரும்பவும் சம்மதம் வேணும். காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சு மாறினவங்களை எனக்குத் தெரியும்.

பெர்மிட்ல போட்டிருக்கிற முதலாளி, போட்டிருக்கிற வேலை, அது ரெண்டைத் தவிர வேற எதுவும் செய்யக் கூடாதுங்கிற நிபந்தனையை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கடையில பாத்திரம் கழுவப் போய் பிடிபட்ட ஒருத்தனைப் பாத்தேன், நல்ல பையன். கம்பெனி சொல்லியே இன்னொரு கம்பெனி சைட்டுக்குப் போய் மாட்டிக்கிறவங்களும் உண்டு.

கவிராஜ்

40–21 எங்க கம்பெனியில யாரும் செஞ்சதில்ல. பேப்பர்ல இருக்கும், நடக்காது. அந்த நாள்ல புது கம்பெனியை எங்க போய்த் தேடறது, டார்ம்லேர்ந்து?

முத்தையா (துவாஸ்)

தேடுறது கஷ்டம்தான், அதை ஒத்துக்கறேன். புது கம்பெனிக்காரன் கோட்டா வெச்சிருக்கணும், ஏஜென்ட் திரும்பவும் காசு கேப்பான். முடியாதுன்னு சொல்றதும் கஷ்டம்னு சொல்றதும் ஒண்ணு இல்ல.

பத்மாம்மா, உங்களுக்குத்தான் எழுதணும்னு வந்தேன். ஐபிஏல அறிவிச்ச பேசிக்கையோ நிலையான அலவன்ஸையோ குறைக்கணும்னா முன்கூட்டியே தொழிலாளியோட எழுத்து ஒப்புதல் வேணும். அது மட்டும் போதாது. குறைக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி மனிதவள அமைச்சுக்கும் தெரிவிச்சிருக்கணும். முதல்ல உங்க வீட்டுக்காரரை அமைச்சோட தளத்துல அவர் பெர்மிட் விவரத்தைப் பாக்கச் சொல்லுங்க. சம்பளம் இன்னும் பழைய தொகைதான்னு இருந்தா, கம்பெனி தெரிவிக்காமலே குறைச்சிருக்குன்னு நினைக்க இடமிருக்கு. சம்பளச் சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. சீட்டு தரலன்னா, பேங்க்ல பணம் விழுந்த பக்கத்தை. வேலையில இருக்கறப்ப ஒரு வருசத்துக்குள்ள நடந்த சம்பளத் தகராறுக்குத்தான் முறையிட முடியும், வேலையை விட்டுட்டா கடைசி நாள்லேர்ந்து ஆறு மாசம். அதனால தள்ளிப்போடாதீங்க.

பத்மா

அண்ணே, அவர் பயப்படறார். முறையிட்டா பெர்மிட்டை ரத்து பண்ணி அனுப்பிடுவாங்களாம். வட்டிக்கு வாங்கின காசு இன்னும் பாதி இருக்கு.

முத்தையா (துவாஸ்)

அந்தப் பயம் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்மா. பெர்மிட்டை ரத்து பண்ண முதலாளியால முடியும். முறையீடு நிலுவையில இருக்கறப்ப இங்கேயே தங்கி வேற வேலை தேட அமைச்சு அனுமதிச்ச ஆள்களும் உண்டு, வெறுங்கையோட ஊர் போனவங்களும் உண்டு. அவரை ஞாயித்துக்கிழமை எனக்குக் கூப்பிடச் சொல்லுங்க, நம்பரைத் தனியா அனுப்பறேன். பெர்மிட் விவரத்தைப் பாக்கறதுக்கு யாரும் ரத்து பண்ண மாட்டாங்க. அதை மட்டும் முதல்ல பாக்கட்டும்.

செல்வி (மன்னார்குடி)

தம்பிக்குப் போன் பண்ணினேன். முத்தையா அண்ணன் போட்ட கணக்கை அப்படியே சொன்னேன். பிடித்தம் வரியில 60ன்னு இருக்காம், நான் அன்னிக்கு அந்த வரிக்குப் போறதுக்குள்ள அப்பா பிரிண்டை வாங்கிட்டார். அப்ப கைக்கு 840. ஏஜென்ட்கிட்டக் கேட்டதுக்கு, "அங்க போய்ப் பேசிக்கலாம்"னு சொல்லியிருக்கார். ஏஜென்ட்டுக்குக் கட்டின பணம் திரும்பி வராதுன்னு போறானாம். எந்தப் பேப்பர் குடுத்தாலும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புன்னு சொல்லியிருக்கேன். முத்தையா அண்ணே, அவன் கம்பெனி ஜூரோங் பக்கம்னான். உங்க நம்பரை அவனுக்கும் குடுக்கலாமா?